கெடு மெய்யானால் கூவல் வேண்டாம்

தீபாவளி விற்பனைக்காக 4,000 ரூபாய்ப் பட்டுச்சேலையில் 8,000 என விலைச்சீட்டு ஒட்டி, ‘பாதி விலை, இன்று மட்டும்’ என்று ஒரு கடை விளம்பரம் செய்வதாகக் கொள்வோம். மறுநாளும் அதே அட்டை தொங்கினால், விலை, கெடு இரண்டையும் நாம் நம்பமாட்டோம். இத்தகைய விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கும் முரணானது.

அவசரத்திற்கு மெய்யான காரணம் கடையிலேயே உண்டு. ரவிக்கை தைக்கத் தையற்காரருக்கு ஏழு நாள் தேவையெனில், ‘பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு வரை வாங்கும் சேலைகளுக்கே ரவிக்கை தைத்துத் தருவோம்’ என அறிவிக்கலாம். அத்துடன் உண்மை விலையையும், தூய பட்டுக்குரிய சில்க் மார்க் சீட்டையும், அந்நிறத்தில் எஞ்சியுள்ள எண்ணிக்கையையும் காட்டலாம். கெடுவுக்குப் பின் வருவோருக்குச் சேலை அதே விலைக்குக் கிடைக்கும். தையல் மட்டும் கிடைக்காது. அந்த மறுப்பே அடுத்த ஆண்டு அறிவிப்பை நம்பவைக்கும்.