ஐ.ஈ.பி.: கையொப்பம் வைக்கும் முன்

நம்பிக்கை: தனியாள் கல்வித் திட்டம் என்பது வைத்தியரின் அறிக்கையும், மற்றப் பிள்ளைகளின் பாடத்தில் பாதியும்.

விசேட கல்வி அலகுள்ள பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் ஆரையம்பதிப் பெற்றோர் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆசிரியர்கள் ஐ.ஈ.பி. என்று சொல்லும் அந்தத் தாளில் வைத்தியரின் நோயறிதலுக்கு ஒரு வரி போதும். பிள்ளையால் இன்று என்ன செய்ய முடியும், வருட முடிவில் என்ன செய்ய வேண்டும், அதற்கு இந்தத் தவணையில் எந்தப் படி, யார் எப்போது கற்பிப்பார், அந்தப் படி வந்துவிட்டது என்பதை எப்படி அறிவோம், எப்போது மீண்டும் பார்ப்போம் என்பவைதான் அதன் உடல்.

"கணக்கில் முன்னேறுவான்" என்று எழுதியிருந்தால் அது இலக்கு அல்ல, ஆசை. ஒரு கற்பனைப் பிள்ளையை வைத்துப் பார்ப்போம். ஒன்பது வயதுப் பையன், பத்து ரூபாய் நாணயங்களை அடையாளம் காண்பான். அவனுக்கு எழுதவேண்டியது இப்படி: "ஐம்பது ரூபாய்க்குள் ஒரு விலையைச் சொன்னால், சரியான எண்ணிக்கையில் பத்து ரூபாய் நாணயங்களை யாரும் காட்டாமல் எடுத்துத் தருவான், ஐந்து தடவையில் நான்கு தடவை, மூன்று வெவ்வேறு நாட்களில்." தொடக்க நிலையும் அதே அளவில் இருக்க வேண்டும்: இப்போது ஐந்துக்கு ஒன்று. தொடக்கம் எழுதப்படாத திட்டத்தில் முன்னேற்றத்தை யாராலும் காட்ட முடியாது.

நம்பிக்கை: டீச்சர் எழுதுவார், நாங்கள் கையொப்பம் வைப்போம்.

அதே பையனுக்கு ஐந்தாம் வாரத்தில் இரண்டு, எட்டாம் வாரத்திலும் இரண்டு. பயிற்சி போதவில்லை என்று நாணயங்களைக் கூட்டிக்கொடுத்துப் பார்க்கிறார் ஆசிரியர், மாற்றமில்லை. வீட்டிலிருந்து தாய் ஒரு வரி சொல்கிறார்: "டீச்சர், நல்லா எண்ணுவான், ஆனா நிப்பாட்டத் தெரியாது." மூன்று நாணயம் கேட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே கையிலுள்ள அத்தனையையும் தந்துவிடுகிறான். எண்களை வரிசையாகச் சொல்வதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று விளங்கிக்கொள்வதும் வெவ்வேறு திறன்கள். முதலாவது வந்த பிறகு இரண்டாவது வர மாதக்கணக்கிலும் ஆகலாம்.

ஆகவே மாறவேண்டியது இலக்கு அல்ல, படி. பணத்தை விட்டு, ஒரு குவியலிலிருந்து "இரண்டு தா", பிறகு "மூன்று தா" என்று கேட்பது. புளியங்கொட்டையோ மட்டிச் சிப்பியோ போதும். தாய் சொன்ன இந்தத் தகவல் வைத்திய அறிக்கையில் இருக்காது. விசேட கல்வி ஆசிரியர், அலகுக்கு வெளியே அவன் இருக்கும் வகுப்பின் ஆசிரியர், அதிபர், தேவைப்பட்டால் பேச்சுச் சிகிச்சையாளர், முடிந்தால் பிள்ளை ஆகியோரோடு பெற்றோரும் மேசையில் இருக்கவேண்டியது இதனால்தான்.

அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் இத்திட்டத்தைக் கட்டாயமாக்கி, பெற்றோரையும் கூட்டத்தில் சேர்த்தது. இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது; ஐ.ஈ.பி. பற்றி அது பேசவில்லை. அதனால் இங்கே பெற்றோரின் இடம் கேட்டுப் பெறும் இடமாகவே இருக்கிறது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: எழுதும் நாளில் வாருங்கள், ஒரு பிரதியை வீட்டுக்கு வாங்குங்கள்.

நம்பிக்கை: தவணை அறிக்கையில் புள்ளி ஏறினால் திட்டம் வேலை செய்கிறது.

வகுப்பின் சராசரியோடு ஒப்பிடும் புள்ளி, இந்தப் பிள்ளையின் படியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பார்க்கவேண்டியது ஆசிரியரின் பதிவுத் தாள். அதில் ஒவ்வொரு முயற்சிக்கும் நேராக, தானாகச் செய்தானா, சொல்லிச் செய்தானா, காட்டிச் செய்தானா, கைபிடித்துச் செய்தானா என்று இருக்க வேண்டும். சரியான விடைகள் ஐந்துக்கு இரண்டிலேயே நின்றாலும், மிச்சம் மூன்றில் கைபிடித்தது சொல்லிச் செய்வதாக மாறியிருந்தால் அது முன்னேற்றம். ஐந்துக்கு ஐந்து என்று இருந்து, எல்லாவற்றுக்கும் "காட்டி" என்று எழுதியிருந்தால் கவனம் தேவை. பிள்ளை விடையை அல்ல, ஆசிரியரின் விரலைப் பின்தொடர்கிறது.

வருட முடிவு வரை காத்திருக்க வேண்டாம். தவணைக்கு ஒருமுறை உட்காருங்கள். நான்கைந்து வாரம் எண்ணிக்கை அசையாவிட்டால் அதற்கு முன்னரே. அதே செயலை வீட்டில் வேறு பொருளோடு செய்துபார்த்துவிட்டுப் போங்கள். வகுப்பில் வந்தது வீட்டில் வராவிட்டால், "வேறு இடத்திலும் செய்வான்" என்று இலக்கில் சேர்த்து எழுதச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தின் திகதியை எழுதிக்கொண்டு எழும்புங்கள்.