கோடு, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி: நீண்ட அலுவலக மடலைத் திருத்தும் வரிசை

மேலாளர் ஒரு நீண்ட மடலை எழுதி, "ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்" என்று உங்களிடம் தள்ளிவிடுகிறார். எழுத்துப் பிழை இல்லை, சந்தியும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அரைப்புள்ளியும் (;) முக்காற்புள்ளியும் (:) கோடும் (—) வரிக்கு இரண்டாக இறைந்து கிடக்கின்றன. வாசித்தால் ஏதோ இடறுகிறது. எங்கே இடறுகிறது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. மருத்துவக் காப்பீடு பற்றிய மாதிரி மடல் ஒன்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம்.

"அன்புடையீர்; நம் குழு மருத்துவக் காப்பீடு ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுவதால்; ஊழியர்கள் குடும்ப விவரங்களை — மார்ச் 10-20 வரை — மனிதவளப் பிரிவில் — வேலை நேரத்தில் மட்டும் தர வேண்டும். சேர்க்கக்கூடியவர்கள்: கணவர் அல்லது மனைவி, 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், இருவர் வரை, பெற்றோர், மாமனார், மாமியார் நீங்கலாக. ஊழியர்கள்: ஆதார் நகல்; பிறப்புச் சான்றிதழ்; மற்றும் புகைப்படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கணவர், மனைவி, பிள்ளைகளுக்கான பிரிமியத்தை நிறுவனம் கட்டும் — பெற்றோருக்கான பிரிமியம் — ரூ. 4,000-6,000 — வயதைப் பொறுத்து சம்பளத்தில் பிடிக்கப்படும்."

மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே திருத்தப் போகாதீர்கள். பாதி வழியில் விஷயத்துக்குள் மனம் போய்விடும், குறிகள் கண்ணில் படாது. மடலை வேர்டில் ஒட்டி, Ctrl+F அழுத்தி, ஒரு குறியை மட்டும் தேடுங்கள். அந்தக் குறி வரும் இடங்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். அது முடிந்த பிறகு அடுத்த குறி. நான் எப்போதும் கோட்டில் தொடங்கி, முக்காற்புள்ளிக்குப் போய், அரைப்புள்ளியில் முடிப்பேன். கோடுகளை எடுத்தால்தான் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். அது தெரிந்தால்தான் பட்டியல் எது, வாக்கியம் எது என்று பிரிக்கலாம். அரைப்புள்ளி இந்த இரண்டையும் நம்பியே நிற்கிறது.

கோட்டுக்கு ஒரே சோதனைதான். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். மிச்சம் முழு வாக்கியமாக நின்றால் கோடு தன் வேலையைச் செய்கிறது. முதல் வாக்கியத்தில் மூன்று கோடுகள் இருக்கின்றன. முதல் இரண்டும் இணை என்றால் மூன்றாவது எதைத் திறக்கிறது? திறந்தது எங்கே மூடுகிறது? ஒற்றைப்படையில் கோடுகள் உள்ள வாக்கியத்தைக் கண்டதும் நிறுத்திப் பாருங்கள். எழுதியவர் மூச்சு விட்ட இடத்தில் எல்லாம் கோடு போட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் தெரியவரும். இங்கே தேதி எந்தக் கோடும் இல்லாமலே வாக்கியத்துக்குள் இயல்பாக உட்காரும். "வேலை நேரத்தில் மட்டும்" என்பது தனி நிபந்தனை. அதற்குத் தனி வாக்கியமே நல்லது.

"10-20 வரை" என்பதில் இருப்பது வேறு வகைக் கோளாறு. எண்களுக்கு நடுவே வரும் சிறுகோடே "முதல், வரை" என்ற பொருளைத் தந்துவிடும். பிறகு இன்னொரு "வரை" எதற்கு? "மார்ச் 10 முதல் 20 வரை" என்று சொல்லால் எழுதிவிடுங்கள். பலர் கைப்பேசியில்தான் மடல் படிப்பார்கள், அங்கே வரி எங்கு மடியும் என்பது நம் கையில் இல்லை. தொகைக்கு முன்னால் இருக்கும் கோடு வரியின் தொடக்கத்தில் போய் விழுந்தால் அது கழித்தல் குறியாகவோ பட்டியல் குறியாகவோ தெரியும். எண்ணோடு சேர்ந்த கோட்டை அலுவலக மடலில் முடிந்தவரை தவிர்ப்பதே என் வழக்கம்.

கடைசி வாக்கியத்தின் கோடுகளை எடுத்துப் பாருங்கள். "பெற்றோருக்கான பிரிமியம் ரூ. 4,000-6,000 வயதைப் பொறுத்து சம்பளத்தில் பிடிக்கப்படும்." யாருடைய வயது, ஊழியருடையதா பெற்றோருடையதா? தொகை ஒருவருக்கா, இருவருக்கும் சேர்த்தா? ஆண்டுக்கா, மாதத்துக்கா? கோடு இருந்தவரை இந்தக் கேள்விகள் எழவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட இடத்தில் கோட்டைப் போட்டால், வாசிப்பவர் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவார். சம்பளச் சீட்டு வரும் நாளில்தான் மனிதவளப் பிரிவின் வாசலில் வரிசை நிற்கும். ஆகவே கோட்டுக்குப் பதில் வேறு குறியை வைப்பதோடு நிறுத்தாதீர்கள். விடுபட்ட சொல் எது என்று மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது முக்காற்புள்ளி. தமிழில் வினை கடைசியில் வருகிறது, பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பட்டியலைச் சொல்ல நமக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டியலை வாக்கியத்துக்குள்ளேயே வைத்து "ஆகியவற்றை" என்று முடிச்சுப் போட்டு வினையில் முடிப்பது. மற்றொன்று, "இணைக்க வேண்டிய ஆவணங்கள்:" என்று தலைப்புப் போல அறிவித்துவிட்டுப் பட்டியலை அடுக்கி நிறுத்துவது. முதல் வழியில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. இரண்டாவதில் பட்டியலுக்குப் பின் வினைக்கு இடமில்லை. மாதிரி மடலில் "ஊழியர்கள்:" என்று எழுவாயை வெட்டி நிறுத்திவிட்டு, கடைசியில் "ஆகியவற்றை இணைக்க வேண்டும்" என்று வினையும் வருகிறது. இரண்டு வழிகளும் ஒன்றில் மோதிக்கொள்கின்றன. "ஊழியர்கள் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும்" என்றால் போதும். முக்காற்புள்ளியோடு அரைப்புள்ளிகளும் "மற்றும்" என்ற சொல்லும் சேர்ந்தே உதிர்ந்துவிடும்.

"சேர்க்கக்கூடியவர்கள்:" என்பதோ சரியானது. அதைப் படித்ததும் "யார் யார்?" என்ற கேள்வி எழுகிறது, பின்னால் வருவது பதிலாக நிற்கிறது, பதிலுக்குப் பிறகு வினை எதுவும் தொங்கவில்லை. அதைத் தொடாதீர்கள். பழைய அச்சுப் பழக்கத்தில் ":-" என்று முக்காற்புள்ளியோடு கோட்டையும் சேர்த்துப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு வேலை எதுவும் இல்லை, எடுத்துவிடலாம்.

அந்தப் பட்டியலின் உள்ளே பாருங்கள், இந்த மடலின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. "25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், இருவர் வரை, பெற்றோர்." இருவர் என்பது பிள்ளைகளைக் குறிக்கிறதா, பெற்றோரையா? மூன்று பிள்ளைகள் உள்ள ஊழியர் இதைத் தனக்குச் சாதகமாகப் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. "மாமனார், மாமியார் நீங்கலாக" என்பதில் இன்னும் மோசம். மாமனார் பட்டியலில் இருக்கிறார், மாமியார் மட்டும் இல்லை என்று படிக்கவும் இடம் இருக்கிறது. காற்புள்ளியே இரண்டு வேலையும் செய்கிறது: உறுப்புகளைப் பிரிப்பதும் அதுதான், ஒரு உறுப்பின் உள்ளே விளக்கத்தைப் பிரிப்பதும் அதுதான். இந்த மாதிரி இடத்துக்குத்தான் அரைப்புள்ளி வேண்டும். "கணவர் அல்லது மனைவி; 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், இருவர் வரை; பெற்றோர்." இப்போது இருவர் யார் என்பதில் ஐயம் இல்லை. விலக்கைப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து, "மாமனாரையும் மாமியாரையும் சேர்க்க இயலாது" என்று தனியாகச் சொல்லிவிடலாம். ஆனால் இருவர் என்பது பிள்ளைகளுக்குத்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பாலிசி ஆவணத்தைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். தவறான இடத்தில் போட்ட அரைப்புள்ளி, குழப்பத்தைத் தெளிவான பொய்யாக மாற்றிவிடும்.

பட்டியலுக்கு வெளியே, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அரைப்புள்ளி வந்தால், அதற்கு முந்தைய சொல்லைப் பாருங்கள். பள்ளியில் காற்புள்ளிக்கு இவ்வளவு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இவ்வளவு என்று நிறுத்தும் நேரத்தை வைத்துக் கற்றவர்கள், நீண்ட தொடர் வந்தாலே அரைப்புள்ளி போடுகிறார்கள். நீளம் இங்கே கணக்கில்லை. முந்தைய சொல் வினைமுற்றா, எச்சமா என்பதே கேள்வி. "புதுப்பிக்கப்படுவதால்" என்ற சொல் எதையோ எதிர்பார்த்து நிற்கிறது. அதன் பின்னால் காற்புள்ளிதான் வரும். "சென்று", "வந்தபோது", "இருந்தால்" போன்றவையும் அப்படியே. "கட்டும்" என்பது முடிந்த சொல், அதன் பின்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வரலாம். ஒரு எச்சரிக்கை: "கட்டும்", "பிடிக்கும்" போன்ற வடிவம் பெயரெச்சமாகவும் வரும். "நிறுவனம் கட்டும் பிரிமியம்" என்று அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டால் அங்கே எந்தக் குறியும் வரக்கூடாது.

முடிந்த வாக்கியம் என்றால் அரைப்புள்ளியா முற்றுப்புள்ளியா? இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் அரைப்புள்ளி. நிறுவனம் கட்டுவதும் ஊழியர் கட்டுவதும் அப்படிப்பட்ட சோடி. அங்கே இருந்த கோட்டை எடுத்துவிட்டு அரைப்புள்ளியை வைக்கலாம். மற்ற இடங்களில் முற்றுப்புள்ளியையே தேர்ந்தெடுங்கள், தகவல் மடலில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. "அன்புடையீர்" என்பது விளி. அதற்குக் காற்புள்ளி.

பிள்ளைகள், வயது, தொகை பற்றிய கேள்விகளுக்குப் பதில் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், மடல் இப்படி நிற்கும்:

"அன்புடையீர், நம் குழு மருத்துவக் காப்பீடு ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுவதால், ஊழியர்கள் குடும்ப விவரங்களை மார்ச் 10 முதல் 20 வரை மனிதவளப் பிரிவில் தர வேண்டும். விவரங்கள் வேலை நேரத்தில் மட்டுமே பெறப்படும். சேர்க்கக்கூடியவர்கள்: கணவர் அல்லது மனைவி; 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், இருவர் வரை; பெற்றோர். மாமனாரையும் மாமியாரையும் சேர்க்க இயலாது. ஊழியர்கள் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கணவர், மனைவி, பிள்ளைகளுக்கான பிரிமியத்தை நிறுவனம் கட்டும்; பெற்றோருக்கான பிரிமியம் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். பெற்றோரின் வயதைப் பொறுத்து அது ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 4,000 முதல் ரூ. 6,000 வரை ஆகும்."

ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. கோடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மடலில் அதற்கு வேலை இல்லை.

திருத்தியதை மேலாளரிடம் தரும்போது எல்லாக் குறிகளையும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். பொருளை மாற்றக்கூடிய இடங்களை மட்டும் கேள்வியாக எழுதுங்கள்: "இருவர் என்பது பிள்ளைகளுக்கா சார்?", "பிரிமியம் ஒருவருக்கா சார்?" மற்றதைத் திருத்திவிட்டு மௌனமாக இருக்கலாம். அவர் ரசனைக்காக வைத்த குறி ஒன்று, பிழையாக இல்லாதபோது, அப்படியே இருக்கட்டும்.

குறிகளை மாற்ற Replace All பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். முக்காற்புள்ளியை மொத்தமாக மாற்றினால் 9:30 என்ற நேரமும் https:// என்று தொடங்கும் இணைப்பும் உடைந்துபோகும். சிறுகோட்டை மாற்றினால் பாலிசி எண் கெட்டுப்போகும். வேர்டும் அவுட்லுக்கும் தாங்களாகவே சில குறிகளை மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடைவெளி விட்டுச் சிறுகோடு தட்டினால் அது நீண்ட கோடாகிவிடும். அடைப்புக்குள் "(தொடர்புக்கு:)" என்று முடித்தால் முக்காற்புள்ளியும் அடைப்பும் சேர்ந்து சிரிக்கும் முகமாக மாறிவிடக்கூடும். மாறியவுடனே Ctrl+Z அழுத்தினால் தட்டியது திரும்ப வரும். எல்லாம் முடிந்ததும் மடலை முதலில் உங்களுக்கே அனுப்பி, கைப்பேசியில் திறந்து, வரி மடியும் இடங்களை ஒருமுறை பார்த்த பிறகு பெயர்ப் பட்டியலைச் சேருங்கள்.