கரண்ட் போனாலும் தூக்கம் போகாமலிருக்க...

நடுராத்திரி கரண்ட் போனதும் வியர்த்து விழிப்பதற்கு ஃபேன் நின்றது பாதிக் காரணம்தான். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவிலும் வெகுநேரம் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்குக் கீழே படுப்பவர்கள், வெயில் தாழ்ந்ததும் மாடித் தரையில் பழைய கோணிச்சாக்குகளை விரித்து, நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். ஈரம் மெல்ல உலர உலர, தளத்தின் சூடும் இறங்கும். தளத்தில் விரிசல் இருந்தால் இது வேண்டாம்.

நுரை மெத்தை முதுகுச் சூட்டை வெளியே விடாது. தரையில் கோரைப்பாய் விரித்து, மேலே ஒரு பருத்தி வேட்டி போட்டால் போதும். கொசுவலையைப் படுக்கும் முன்பே கட்டி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கரண்ட் போனபின் எழுந்து இருட்டில் துழாவினால் வந்த தூக்கமும் போச்சு!

ஈரத்துணி போர்த்துவது வேலூர் மாதிரி வறண்ட ஊருக்குச் சரி. சென்னைப் புழுக்கத்தில் அது சீக்கிரம் உலராது, கசகசப்புதான் மிச்சம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் படுக்கையறைக்கு மட்டுமாவது பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டலாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இதற்குச் சுமார் 30 வாட்தான்; அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.