பெரிய கோப்பில் எக்ஸெல் உறைந்தால்

மூன்று லட்சம் வரிகள் கொண்ட விற்பனைப் பதிவேட்டைத் திறந்து, ஒரு விலையைத் திருத்தியவுடன் எக்ஸெல் ஸ்தம்பித்து, தலைப்பில் Not Responding என்று காட்டுமானால், கோப்பின் பருமனே காரணமென்று முடிவு செய்துவிடுவது சாதாரண வழக்கம். ஒரு தாள் 10,48,576 வரிகளைத் தாங்கக்கூடியதாகையால், வேறு காரணத்தையும் சந்தேகிப்பது நியாயமே. முக்கியமாக, எக்ஸெலுடன் சேர்ந்து இயங்கும் ஆட்-இன்களை. அவற்றுள் சில, ஒரு கட்டம் மாறுந்தோறும் விழித்தெழுந்து தாள் முழுவதையும் வாசிக்கும் சுபாவம் கொண்டவை. நூறு வரிகளில் புலப்படாத அந்தத் தாமதம், லட்சக்கணக்கான வரிகளில் நிமிஷக்கணக்காக நீண்டுவிடும்.

ஆகவே முதலில் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, எக்ஸெலை முழுவதும் மூடியபின், விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதை இட வேண்டும்:

```
excel /safe
```

இந்த சேஃப் மோடில் ஆட்-இன்களும், XLSTART என்னும் கோப்புறையில் உள்ளவையும் ஏற்றப்படுவதில்லை. பிரதியைத் திறந்து அதே விலையைத் திருத்திப் பாருங்கள். இங்கேயும் உறைந்தால் குற்றம் பெரும்பாலும் கோப்பினுடையது; Ctrl+End அழுத்தி, தரவு முடிந்த இடத்துக்கு வெகு தொலைவில் கர்சர் போய் நிற்கிறதா என்று பார்ப்பதிலிருந்து விசாரணை தொடங்கலாம். உறையாமல் ஓடினால், குற்றவாளி ஏற்றப்படாதவற்றுள் ஒன்று என்பது ஏறக்குறைய நிச்சயம்.

அதைக் கண்டுபிடிக்க, எக்ஸெலைச் சாதாரண முறையில் திறந்து, File, Options, Add-ins என்று சென்று, அடியிலுள்ள Manage பட்டியலில் COM Add-ins தேர்ந்து Go அழுத்துங்கள். ஆறு ஆட்-இன்கள் இருந்தால் மூன்றின் குறியை நீக்கி, எக்ஸெலை மூடித் திறந்து, அதே திருத்தத்தைச் செய்யுங்கள். பரீட்சை மாறினால் விடை நம்பத்தக்கதன்று. உறைதல் நின்றுவிட்டால் நீக்கிய மூன்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தும், நிற்காவிட்டால் எஞ்சிய மூன்றை ஒவ்வொன்றாக நீக்கியும் பார்த்தால், இரண்டு மூன்று முயற்சிகளில் ஒன்று அகப்படும்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் தேவை. ஜன்னலை மூடினாலும் EXCEL.EXE பின்னணியில் உயிரோடிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் அதை முடித்தாலன்றி மாற்றம் பலிக்காது. எல்லோருக்குமாக நிறுவப்பட்ட ஆட்-இன்னின் குறி நீங்க மறுத்தால், எக்ஸெலை நிர்வாகி அதிகாரத்துடன் திறக்க வேண்டும். COM பட்டியலை முழுவதும் நீக்கியும் உறைதல் தொடர்ந்தால், அதே Manage பட்டியலில் தனியாக இருக்கும் Excel Add-ins என்பதையும், XLSTART கோப்புறையிலுள்ள PERSONAL.XLSB போன்ற கோப்புகளையும் சோதிப்பது அவசியம்.

அகப்பட்டதை உடனே அழிக்க வேண்டுவதில்லை. அதன் புதிய பதிப்பை நிறுவி, அதே பிரதியில் அதே விலையைத் திருத்திப் பாருங்கள். அப்போதும் உறைந்தால் குறியை நீக்கியே வைத்திருந்து, அதன் உதவி வேண்டிய சிறு கோப்புகளுக்கு மாத்திரம் திரும்ப இடலாம்.