பராமரிப்பு நிலுவை: செயலாளர் எழுத வேண்டிய கடிதம்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, டோம்பிவிலியில் குடியிருப்பவன் நான். எங்கள் கட்டடத்தில் 32 வீடுகள். "காகாவுக்கு நேரம் இருக்கிறது" என்று சொல்லி அண்டை வீட்டார் என்னைச் சொசைட்டியின் செயலாளராக உட்கார வைத்துவிட்டார்கள். நம் சங்க அன்பர்கள் பலரும் தத்தம் குடியிருப்புகளில் இதே நாற்காலியில் அகப்பட்டுக்கொண்டிருப்பதால், இந்தப் பதவியில் எனக்கு மிகக் கடினமாக இருந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவருக்குக் கடிதம் எழுதுவது.

2024 செப்டம்பர் முடிவில் ஒன்பது வீடுகளின் நிலுவை சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. மாதம் வீட்டுக்கு 2,400 ரூபாய்; 32 வீடும் தவறாமல் கட்டினால் 76,800 வரும். அதாவது ஏறக்குறைய இரண்டு மாத வரவு வெளியே நின்றது. மாநகராட்சித் தண்ணீர் பில்லையும் லிஃப்ட் ஒப்பந்தத் தவணையையும் கட்டியபின் பணம் போதாமல், காவலாளிகள் இருவருக்கும் சம்பளம் பதினோரு நாள் தாமதமாயிற்று. அவர்களில் ஒருவர் தன் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட என்னிடமே கைமாற்றுக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு அன்றிரவே கடிதம் எழுதினேன். அது முதல் தவறு.

ஒன்பது வீட்டு எண்களையும் தொகைகளையும் போட்டு, 'ஏழு நாளில் கட்டாவிட்டால் தண்ணீர் நிறுத்தப்படும்' என்று எழுதி, கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மறுநாள் காலை 203ஆம் எண் வீட்டு அம்மையார் கையில் வங்கிப் பாஸ்புக்கோடு வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மராட்டியர். கணவர் அந்த ஆண்டு மார்ச்சில் காலமானார். பண விவகாரமெல்லாம் கணவர்தான் பார்த்து வந்தார். பலகையில் அவர் பெயருக்கு நேரே 15,264 என்று இருந்தது.

"காகா, ஜூலை 31ஆம் தேதி 5,000 அனுப்பினேனே, அது எங்கே?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான்தான் உட்காரச் சொல்லத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"தாயி, ஒரு மணி நேரம் கொடுங்கள்" என்று சொல்லிப் பொருளாளர் வீட்டுக்குப் போனேன்.

பணம் வந்துதான் இருந்தது. அவருடைய மகன் புனேயிலிருந்து தன் கணக்கின் வழியாக அனுப்பியிருக்கிறான். வங்கி அறிக்கையில் மகன் பெயர்தான் விழும், வீட்டு எண் விழாது. பொருளாளர் யாருடைய பணம் என்று தெரியாமல் லெட்ஜரின் கடைசிப் பக்கத்தில் 'விவரம் தெரியாத வரவு' என்று எழுதி வைத்துவிட்டார். இது எந்தச் சொசைட்டியிலும் நடக்கக்கூடியது. ஆகவே நிலுவைக் கடிதம் எழுத உட்காரும் முன் முதலில் திறக்க வேண்டியது அந்தக் கடைசிப் பக்கம்தான். அங்கே ஒரு தொகை நின்றால், அது யாருடையது என்று தீர்க்காமல் ஒருவருக்கும் கடிதம் போகக் கூடாது.

வட்டியிலும் பிழை இருந்தது. எங்கள் சொசைட்டியில் ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். பில் மாதத் தொடக்கத்தில் வரும். அந்த மாதக் கடைசித் தேதிக்குள் கட்டலாம். அதன் பின்னர்தான் வட்டி. பொருளாளர் என்ன செய்தார்? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம், 14,400. அதற்கு ஆறு மாத வட்டி 864 என்று போட்டுவிட்டார். முழுத் தொகையும் முதல் நாளிலிருந்தே பாக்கி என்பது போன்ற கணக்கு இது. செப்டம்பர் பில்லுக்குச் செப்டம்பர் முடியும் வரை வட்டியே கிடையாது. ஏப்ரல் பில்லுக்குக்கூட மே முதல்தான் வட்டி.

சரியான கணக்கு இப்படி. 5,000 ரூபாயைப் பழைய பில்லிலிருந்து வரவு வைத்தால் ஏப்ரலும் மேயும் தீர்ந்து, ஜூனில் 200 கழியும். மீதி அசல்: ஜூனுக்கு 2,200, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கு 2,400 வீதம் 7,200, ஆக 9,400. வட்டியில் ஏப்ரல் பில்லுக்கு மூன்று மாதம் 72, மே பில்லுக்கு இரண்டு மாதம் 48. ஜூன் பில்லுக்கு ஜூலையில் 24, பிறகு 2,200-க்கு மாதம் 22 வீதம் இரண்டு மாதம், ஆக 68. ஜூலை பில்லுக்கு 48, ஆகஸ்ட் பில்லுக்கு 24. வட்டி மொத்தம் 260. அவர் தர வேண்டியது 9,660 ரூபாய். பலகையில் நான் ஒட்டியதற்கும் இதற்கும் 5,604 ரூபாய் வித்தியாசம்.

தண்ணீரை நிறுத்துவேன் என்று எழுதியதும் தவறுதான். எங்கள் துணைவிதிகளில் அப்படி ஓர் அதிகாரம் செயலாளருக்கு எங்கும் கொடுக்கப்படவில்லை. செய்ய முடியாததை எழுதினால், செய்யக்கூடியதையும் யாரும் நம்ப மாட்டார்கள். மகாராஷ்டிரத்தில் சொசைட்டிக்கு உள்ள உண்மையான வழி, கூட்டுறவுப் பதிவாளரிடம் மனுச் செய்து மீட்புச் சான்றிதழ் பெறுவது. சான்றிதழ் கிடைத்தால் நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கலாம். அந்த மனுவோடு கணக்கு நகலும் அனுப்பிய கடிதங்களின் நகல்களும் வைக்க வேண்டும். எனவே, இன்று எழுதும் கடிதம் நாளை ஓர் அதிகாரியின் மேஜைக்குப் போகலாம் என்பதை நினைவில் கொள்வது நல்லது. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு. அங்குள்ள அன்பர்கள் தங்கள் துணைவிதிகளைப் பார்த்துக்கொள்ளவும்.

பலகையில் ஒட்டியதை நானே கிழித்தேன். ரயில்வேயில் நாங்கள் காஷன் ஆர்டர் கொடுப்பது நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தில் வேலை நடக்கும் இடத்தில் ரயில் மெதுவாகப் போக வேண்டுமென்றால், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன வேகம், என்ன காரணம் என்று எழுதி ஓட்டுநரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். அதில் ஓட்டுநருக்குப் புத்திமதி இருக்காது; தெரிய வேண்டியது எல்லாம் இருக்கும். அதே முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கடிதம் எழுதி, உறையிலிட்டு, நகலில் கையெழுத்துப் பெற்றேன். பலகையில் மொத்த நிலுவை மட்டும் எண், பெயர் இல்லாமல் இருந்தது. 203-க்கு மராட்டியில் கொடுத்த கடிதத்தைத் தமிழில் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, வணக்கம். அக்டோபர் 1 அன்று பலகையில் ஒட்டிய அறிவிப்பில் தங்கள் கணக்கு தவறாக இருந்தது. ஜூலை 31 அன்று தாங்கள் அனுப்பிய 5,000 ரூபாய் வரவு வைக்கப்படாமல் போயிற்று. வட்டியும் கூடுதலாகக் கணக்கிடப்பட்டது. தண்ணீர் பற்றி எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். இவற்றுக்காக வருந்துகிறேன்.

திருத்திய கணக்குப்படி 2024 செப்டம்பர் 30 வரை அசல் 9,400, வட்டி 260, மொத்தம் 9,660 ரூபாய். மாதவாரி விவரம் பின்பக்கத்தில் உள்ளது. அக்டோபர் மாத பில் இதில் சேரவில்லை. கணக்கில் எதுவும் பொருந்தவில்லை என்றால் அக்டோபர் 15-க்குள் தெரிவியுங்கள். பாஸ்புக்கோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுக்கிறேன்.

இத்தொகையை அக்டோபர் 25-க்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே தடவையில் இயலாவிட்டால் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் 10ஆம் தேதிக்குள் 3,220 வீதம் மூன்று தவணையாகச் செலுத்த நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டுள்ளது. அதற்கு அக்டோபர் 25-க்குள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்தந்த மாத பில்லைத் தனியே கட்ட வேண்டும். வட்டியைத் தள்ளுபடி செய்ய எனக்கோ குழுவுக்கோ அதிகாரமில்லை. தவணைக் காலத்து வட்டி, குறைந்து வரும் பாக்கிக்கு மட்டுமே போடப்பட்டுக் கடைசியில் தெரிவிக்கப்படும்.

பணமோ பதிலோ வராவிட்டால், நவம்பர் 10 அன்று கூடும் குழுவில் பதிவாளரிடம் மனுச் செய்வது பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலை வராது என்று நம்புகிறேன். பணம் அனுப்பும்போது குறிப்பில் 203 என்று எழுதச் சொல்லுங்கள். தங்கள், செயலாளர்."

தவணைத் தேதியை 10 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. அவருக்குப் பென்ஷன் மாதத் தொடக்கத்தில் வரும். 30ஆம் தேதி வைத்தால் கை காலியாக இருக்கும் நாளில் கேட்டதாகும். அதேபோல, முதல் தவணையைத் தீபாவளி கழிந்தபின் வைத்தேன். தவணை 3,220-ஓடு மாத பில் 2,400 சேர்ந்தால் 5,620. இது அவரால் முடியுமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொண்டேன். முடியாத தவணை எழுதினால் இரண்டாம் மாதமே முறியும். பிறகு மறுபடியும் கடிதம்.

ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்தது. மொட்டை மாடியிலிருந்து நீர் கசிந்து படுக்கையறைச் சுவர் பூத்துப் போயிருக்கிறது, அதைச் சரி செய்யும் வரை கட்ட மாட்டேன் என்பது அவர் வாதம். கசிவு உண்மை, மாடி பொது இடம், சரி செய்வது சொசைட்டியின் பொறுப்பு. ஆனால் பராமரிப்புப் பணத்தை நிறுத்தினால் மாடியைப் பழுது பார்க்கவும் பணமிராது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பேரமாகிவிடும். ஆகவே கசிவுக்கு ஒரு கடிதம், அதில் வேலை தொடங்கும் தேதி. நிலுவைக்குத் தனிக் கடிதம், அதில் கணக்கு. கசிவு வேலையை நாங்கள் சொன்ன தேதியில் தொடங்கினோம்.

அக்டோபர் 25-க்குள் ஆறு வீடுகள் முழுவதும் கட்டின. 203-ம் இன்னொரு வீடும் தவணை கேட்டு எழுதிக் கொடுத்தன. கசிவு வீட்டுக்காரர் சுவர் பூச்சு முடிந்த வாரத்தில் காசோலை கொண்டுவந்தார். வட்டிக்காகச் சிறிது நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஜனவரி 9 அன்று 203 அம்மையாரின் கடைசித் தவணை வந்தது. வங்கிக் குறிப்பில் வீட்டு எண்ணைக் கவனமாக எழுதியிருந்தான் மகன். காவலாளிகளுக்கு அந்த மாதம் முதல் தேதியே சம்பளம் கொடுத்தாயிற்று.