ஒன்பதாம் பிரிவை மறுபடி படி

அன்புள்ள கயல்,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய வாடகை ஒப்பந்த நகலைப் படித்தேன். வேளச்சேரியில் அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் நாளைக்கே கையெழுத்துப் போட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கேள். காகிதம் நான்கு பக்கம் இருந்தாலும் உன் பணம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்பதால் என் கண் நேராக அங்கேதான் போனது.

ஒன்பதாம் பிரிவை எடுத்துக்கொள். “குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யும்போது, ஏற்பட்ட சேதங்களுக்கும் பெயிண்டிங் செலவுக்கும் உரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸ் நியாயமான காலத்துக்குள் திருப்பித் தரப்படும்.” படிக்க மரியாதையான வாக்கியம். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஆறு மாதத்துக்கு 84,000. இத்தனை பணமும் இந்த ஒரே வாக்கியத்தை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் சேதம் என்ற சொல். சுவரில் ஆணி அடித்த ஓட்டை சேதமா? குளியலறைக் குழாயில் உப்புக்கறை படிந்தால்? சென்னைத் தண்ணீருக்கு அது இரண்டே மாதத்தில் படியும். புழங்கினால் தேயும் தேய்மானம் வேறு, நீ உடைத்தது வேறு. ஒப்பந்தம் அந்தக் கோட்டைப் போடவில்லை என்றால், காலி செய்யும் நாளில் உரிமையாளர் போடுவார். அன்றைக்குப் பணம் அவர் கையில் இருக்கும். அதனால் “சாதாரணப் பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானம் நீங்கலாக” என்று சேர்க்கச் சொல். வீட்டில் இருக்கும் மின்விசிறி, டியூப்லைட், கீசர், அலமாரி எல்லாவற்றையும் அவை இன்று இருக்கும் நிலையோடு எழுதி, கடைசிப் பக்கத்தில் இணைப்பாக வைக்கச் சொல். பட்டியல் இல்லாவிட்டால், முன்பே விரிசல் விட்டிருந்த வாஷ்பேசினும் உன் கணக்கில் ஏறிவிடும்.

பெயிண்டிங் தனிக்கதை. சென்னையில் பல உரிமையாளர்கள் இதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று வருடம் குடியிருந்தவருக்கு அது பெரிதில்லை. ஐந்தாவது மாதம் உன் கம்பெனி உன்னைப் பெங்களூருக்கு மாற்றினால், அந்த 14,000 உனக்கு மாதம் 2,800 ரூபாய் கூடுதல் வாடகை. உன் நகலில் அந்த ஒரு மாத வரம்புகூட இல்லை, வெறும் “செலவு” என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் அந்த ஒப்பந்தமே நிற்கும். அட்வான்ஸும் அப்படித்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்லும் அதே சட்டம், மாறான ஒப்பந்தம் இருந்தால் விட்டுக்கொடுக்கிறது. சட்டம் காப்பாற்றும் என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், அந்தக் காவலையே கையெழுத்தில் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

அடுத்து “நியாயமான காலம்.” அடுத்த குடித்தனக்காரர் வந்து அட்வான்ஸ் தந்த பிறகுதான் உன் பணம் என்பதே பல இடங்களில் இதன் பொருள். அவர் வர நான்கு மாதம் ஆனால் உனக்கும் நான்கு மாதம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கும் கால அளவு, அதையே எழுதக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. இன்னொன்று, பணம் திருப்பித் தரப்படுமாம். யார் தருவார்? வீட்டை அவர் இடையில் விற்றால், வாங்கியவர் “அட்வான்ஸ் என் கைக்கு வரவில்லை” என்பார்.

இப்படி மாற்றலாம்: “வீட்டின் சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வாடகைப் பாக்கி, மின்கட்டணப் பாக்கி, சாதாரணத் தேய்மானம் நீங்கலாக இணைப்பில் கண்ட பொருட்களுக்கு ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்ய ரசீதுடன் கூடிய செலவு, ரூ.5,000-க்கு மிகாத பெயிண்டிங் தொகை ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை உரிமையாளர் குடியிருப்பவரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். வீடு கைமாறினால், இந்தப் பொறுப்பை வாங்குபவர் ஏற்கும்படி உரிமையாளர் செய்ய வேண்டும்.” நீளம்தான். ஆனால் சண்டைக்கு இடம் குறைவு.

ஆறாம் பிரிவில் வேறு வகைக் கோளாறு. நீ காலி செய்ய இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அவருக்கு “வீடு தேவைப்பட்டால்” நீ உடனே காலி செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பிரிவுகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் குடியிருப்பவர் என்றும், குடியிருப்பவர் என்ற இடத்தில் உரிமையாளர் என்றும் போட்டுப் படித்துப் பார். “உரிமையாளர் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும், குடியிருப்பவர் நினைத்த அன்றே போகலாம்.” இதைக் கேட்டால் அவரே சிரித்துவிடுவார். ஆனால் ஒருபக்கமாக இருப்பதெல்லாம் அநியாயம் என்று நினைக்காதே. உள்வாடகைக்கு விடக்கூடாது என்று உன்னை மட்டும் கட்டுப்படுத்தும் நான்காம் பிரிவு சரியானதுதான், வீடு அவருடையது. நோட்டீஸ் காலம் மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

தேதிகளுக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் ஒப்பந்தத் தேதிக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறது. “11 மாதங்களுக்கு” என்றிருக்கிறது, எந்த நாளிலிருந்து என்று இல்லை. நீ 15-ஆம் தேதி குடிபோகிறாய். “பிரதி மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை” என்றால் அது அந்த மாதத்து வாடகையா, முடிந்த மாதத்தினுடையதா? முதல் அரை மாதத்துக்கு முழு வாடகையா, பாதியா? இன்றைக்கு வாயால் சொல்வது அடுத்த வருடம் இருவருக்கும் வேறு வேறாக நினைவிருக்கும். கோடுகளை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதே, பிறகு நிரப்புவது உன் பேனாவாக இருக்காது. தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் எழுதச் சொல். சாவி வாங்கும் நாளின் இ.பி. மீட்டர் ரீடிங்கும் அதில் வேண்டும். வீடுகளுக்கு மின்கட்டணக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், முந்தைய குடித்தனக்காரர் ஓட்டிய ஏ.சி.க்கு நீ பணம் கட்ட நேரலாம்.

11 மாதம் ஏன் என்று கேட்டிருந்தாய். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பழக்கம். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகவேண்டும். 11 மாதம் என்றால் எதுவும் தேவையில்லை என்று புரோக்கர் சொல்வதை நம்பாதே. பதிவை யார் செய்வது, செலவு யாருடையது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்.

திருத்தங்களைப் புதிதாக அச்சிட்டால் நல்லது. கையால் திருத்தினால் ஒவ்வொரு இடத்திலும் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும், இரண்டு பிரதியிலும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒன்பதாம் பிரிவிலிருந்து தொடங்கு. 30 நாளுக்குப் பதிலாக அவர் 45 கேட்டால் விட்டுக்கொடு. பெயிண்டிங்குக்கு 5,000-க்குப் பதில் 7,000 என்றாலும் பரவாயில்லை. நாள் கணக்கையோ தொகையையோ எழுதவே மாட்டேன் என்றால் டோக்கன் அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
மாமா