மின்னேற்றும் இடமும் வெளியேறும் வழியும்

2022 மார்ச் மாத இறுதியில் தமிழ்நாட்டின் வேலூரில் ஒரு தந்தையும் அவரது 13 வயது மகளும் உயிரிழந்தனர். இரவில் வீட்டில் மின்னேற்றுவதற்காக விடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர், அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. வெளியே வர இயலாத இருவரும் புகையில் மூச்சுத் திணறியே இறந்தனர்.

ஒரு பற்றரி ஏன் இவ்வாறு எரிகிறது? இலித்தியம் அயன் கலத்தினுள் இரண்டு மின்வாய்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று தொடாதவாறு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று பிரித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக்கூடியது. பொருந்தாத சார்ஜராலோ, கீழே விழுந்து அடிபட்டதாலோ, நீர் புகுந்ததாலோ கலம் சூடேறி 130 பாகை செல்சியஸ் அளவை எட்டினால் அந்தத் தாள் உருகத் தொடங்கும். மின்வாய்கள் தொட்டுக்கொள்ள, வெப்பம் மேலும் பெருகும். அது பக்கத்துக் கலத்தையும் சூடாக்கும். அக்கலம் அடுத்ததைச் சூடாக்கும். கூடவே நச்சுப் புகையும் வெளிவரும்.

கையடக்கத் தொலைபேசியிலும் இதுவே நிகழ்கிறது. வேறுபாடு அளவில்தான். சாதாரண ஸ்கூட்டர் பற்றரி ஒன்றில் ஏறக்குறைய நூறு தொலைபேசிகளின் சக்தி அடங்கியிருக்கிறது.

நமது தோட்டங்களின் லயன் அறைகள் பலவற்றுக்கு வாசல் ஒன்றே. அந்த வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி இரவில் மின்னேற்றினால், தீப்பிடிக்கும்போது அடைபடுவது நாம் ஓடவேண்டிய வழியே. ஆகவே வாசலையும் படுக்கையையும் விட்டு விலகி, மழை படாத திறந்த கூரையின் கீழ், விழித்திருக்கும் நேரத்தில் மின்னேற்றுங்கள்.

பகல் நேரத்தைத் தெரிவுசெய்ய இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் உறைபனி படிவதுண்டு. பற்றரி அவ்வளவு குளிர்ந்திருக்கும்போது மின்னேற்றினால், இலித்தியம் மின்வாயினுள் செல்லாமல் அதன் மேல் உலோகமாகப் படியலாம். அப்படிவு வளர்ந்து பிளாஸ்டிக் தாளைத் துளைக்கவும் கூடும். வெளியில் குளிர்ந்து நின்ற வண்டியை வெயிலேறிய பின் பிளக்கில் இணைப்பதே நல்லது. ஏற்றம் ஏறி வந்து சூடாக இருக்கும் பற்றரியையும் ஆறவிட்டே இணைக்கவேண்டும்.

தொலைபேசியைத் தலையணையின் கீழ் வைத்து மின்னேற்றினால் வெப்பம் வெளியேறாது. அதன் பின்மூடி புடைத்து எழுந்தால், உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்பது பொருள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. மீண்டும் மின்னேற்றவும் கூடாது. இனிப்பான இரசாயன வாடை, சீறும் ஓசை, வழமைக்கு மாறான சூடு ஆகியவையும் எச்சரிக்கைகளே.

ஸ்கூட்டரிலிருந்து புகை வந்தால் அதை இழுத்து வெளியேற்ற முயலாதீர்கள். உறங்குவோரை எழுப்பி, எல்லோரும் வெளியேறி, அடுத்த காம்பராவில் இருப்போரையும் அழையுங்கள். சுவாலை தணிந்தாலும் வீட்டினுள் திரும்பிப் போகவேண்டாம்; உள்ளே சூடாக இருக்கும் கலங்கள் மீண்டும் பற்றிக்கொள்ளும்.